ஒரு வருஷம் ‘டிராப்’ எடுக்கலாமா? நீட், ஜேஇஇ எழுதுபவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். ஜூன் மாதம் பிறந்தால் என் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. ஒரு வருஷம் கல்லூரியில் சேராமல் மறுபடி நுழைவுத்தேர்வுக்கே படிக்கலாமா, அதாவது ‘டிராப்’ எடுக்கலாமா என்று கேட்பார்கள். ஏறத்தாழ எல்லோரும் முதலில் வயதைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் வயதால் தடுக்கப்பட்டவர்கள் குறைவு. பிளஸ் டூ முடித்த வருஷம், பிளஸ் டூ மார்க், கையில் ஏற்கெனவே வாங்கிய ஒரு சீட்டு ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டவர்களே அதிகம். அதனால் அந்த மூன்றைப் பற்றி நிறையவும், மற்றதைப் பற்றிக் கொஞ்சமாகவும் எழுதுகிறேன்.

“சார், என் பொண்ணுக்கு இப்போதே பதினெட்டு. இன்னும் ஒரு வருஷம் உட்கார்ந்தால் நீட் எழுத வயது தாண்டிடுமா?”

தாண்டாது. நீட் இளநிலைத் தேர்வுக்கு இப்போது வயது உச்சவரம்பே கிடையாது. முன்பு பொதுப் பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று ஒரு வரம்பு இருந்தது. நீதிமன்றங்களில் நெடுநாள் இழுபறியில் கிடந்த அந்த வரம்பைத் தேசிய மருத்துவ ஆணையம் எடுத்துவிட்டது. 2022 மார்ச்சில் அது அறிவிப்பாக வெளிவந்தது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு இல்லை. பழைய செய்தித்தாள் துணுக்குகளும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளும் இன்னும் 25 என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன, விட்டுவிடுங்கள்.

கீழ்வரம்புதான் உண்டு. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். சீக்கிரமே பள்ளியில் சேர்த்துவிட்ட பிள்ளைகளில் சிலருக்கு இதனாலேயே ஒரு வருஷம் கட்டாயமாகத் தள்ளிப்போகும். 2026-இல் சேர வேண்டுமென்றால் 2009 டிசம்பர் 31 அன்றோ அதற்கு முன்போ பிறந்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நீட் மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும். இந்த வருஷ மார்க்கைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் குறைந்தால் இதைக் காட்டலாம் என்ற வழி இல்லை. டிராப் எடுத்தால் பழைய ரேங்க் கையை விட்டுப் போய்விடும்.

“என் பையன் 2025-இல் பிளஸ் டூ முடிச்சான். ஐஐடிக்கு இன்னும் எத்தனை தடவை எழுதலாம்?”

ஜேஇஇயில் பிரச்சினை பிறந்த தேதியில் இல்லை, பிளஸ் டூ முடித்த வருஷத்தில் இருக்கிறது. மெயின், ஐஐடிக்கான அட்வான்ஸ்டு இரண்டுக்கும் கணக்கு வேறு.

மெயினுக்கு வயது வரம்பு இல்லை. பிளஸ் டூ எழுதும் ஆண்டையும் சேர்த்து அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் எழுதலாம். உங்கள் மகனுக்கு அவை 2025, 2026, 2027. ஒவ்வோர் ஆண்டும் இரண்டு அமர்வுகள் நடக்கும். இரண்டும் எழுதினால் எது நல்லதோ அது எடுத்துக்கொள்ளப்படும்.

அட்வான்ஸ்டுக்கு அடுத்தடுத்த இரண்டே ஆண்டுகள்தான், அதாவது 2025-உம் 2026-உம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். “2025-இல் மெயினில் முதல் இரண்டரை லட்சத்துக்குள் வரவில்லை, அட்வான்ஸ்டு எழுதவே இல்லை. அப்படியானால் இரண்டு வாய்ப்பும் பாக்கி இருக்கிறதே?” என்று கேட்பார்கள். பாக்கி இல்லை. எழுதாமல் விட்ட வாய்ப்பு அடுத்த ஆண்டுக்கு நகராது. 2026 அட்வான்ஸ்டு எழுத, பிளஸ் டூவை முதன்முதலாக 2025-இலோ 2026-இலோ எழுதியிருக்க வேண்டும் என்பதே விதி. எனவே உங்கள் மகனுக்கு முதல் டிராப் வருஷமே ஐஐடிக்கான கடைசி வருஷம். இரண்டாவது டிராப் எடுத்தால் 2027 மெயின் மட்டும் மிஞ்சும், அதை வைத்து என்ஐடி, ஐஐஐடி போன்றவற்றுக்குத்தான் போகலாம்.

2024 நவம்பரில் ஒரு கூத்து நடந்தது. அட்வான்ஸ்டு மூன்று முறை எழுதலாம் என்று நவம்பர் 5-ஆம் தேதி அறிவித்தார்கள். 18-ஆம் தேதி அதைத் திரும்பப் பெற்று, பழையபடி இரண்டு என்றார்கள். அந்தப் பதின்மூன்று நாட்களில் அறிவிப்பை நம்பிக் கல்லூரியை விட்டு வெளியே வந்த மாணவர்களுக்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் அவர்களுக்கு மட்டும் பதிவு செய்ய அனுமதி கிடைத்தது. தலைப்புச் செய்தியைப் பார்த்துவிட்டு டிசி வாங்கப் போகாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அட்வான்ஸ்டுக்கு வயது வரம்பும் உண்டு. 2026 தேர்வுக்கு 2001 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு ஐந்து ஆண்டு தளர்வு. வழக்கமான வயதில் பிளஸ் டூ முடித்தவர்களை இது தொடவே தொடாது.

“பிளஸ் டூவை மறுபடி எழுதினால் அட்வான்ஸ்டுக்குப் புது வாய்ப்பு கிடைக்குமா?”

கிடைக்காது. “முதன்முதலாக எழுதிய” என்ற சொல்லை விதியில் வைத்திருப்பதே அதற்காகத்தான்.

“நீட்டுக்கு பிளஸ் டூ மார்க் பார்ப்பாங்களா? எனக்கு ஃபிசிக்ஸ் 46தான்.”

ரேங்குக்குப் பார்க்க மாட்டார்கள், தகுதிக்குப் பார்ப்பார்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்ந்து பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவினருக்கு 40 சதவீதம் வேண்டும். 300-க்குக் கணக்குப் போட்டால் 150, 120. தனித்தனியே ஒவ்வொன்றிலும் தேர்ச்சி போதும். உங்களுக்கு ஃபிசிக்ஸ் 46, வேதியியல் 58, உயிரியல் 71 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 175. பயமில்லை.

பொதுப் பிரிவில் மொத்தம் 148 வாங்கியவரின் நிலைதான் மோசம். அவர் நீட்டில் 600 எடுத்தாலும் எம்பிபிஎஸ் கலந்தாய்வில் நுழைய முடியாது. டிராப் வருஷம் முழுக்க நீட்டுக்கே உழைத்துவிட்டு, கலந்தாய்வு மேசையில் இதைக் கண்டுபிடித்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அவனுடைய அப்பா அன்றைக்குப் பேசவே இல்லை. இப்படி மயிரிழையில் நிற்பவர்கள் முதலில் தங்கள் வாரியத்தில் மார்க்கைக் கூட்ட என்ன வழி என்று பார்க்க வேண்டும். நீட் புத்தகத்தை அதற்கு அப்புறம் எடுக்கலாம்.

ஜேஇஇயில் இது இன்னும் கடுமை. என்ஐடி, ஐஐடியில் சேர பிளஸ் டூவில் 75 சதவீதம், எஸ்சி, எஸ்டிக்கு 65 சதவீதம் வேண்டும். அது இல்லாவிட்டால் தன் வாரியத்தில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும்.

“அரசுப் பள்ளியில் படிச்சவள். டிராப் எடுத்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு போயிடுமா?”

போகாது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே அந்த 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனை. பிளஸ் டூவுக்குப் பிறகு ஒரு வருஷம் வீட்டிலிருந்தோ கோச்சிங் போயோ படித்தது அதை மாற்றாது. ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான படிப்புச் சான்றைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும்.

“நீட்டில் 418. இன்னொரு வருஷம் படிச்சால் கவர்மென்ட் சீட் வருமா, வராதா? சும்மா ஒரு பதில் சொல்லுங்க சார்.”

மார்க்கை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. 2024-இல் முழு மதிப்பெண்ணான 720-ஐ முதலில் 67 பேரும், திருத்திய முடிவில் 17 பேரும் எடுத்தார்கள். 2025-இல் இந்தியாவிலேயே முதல் மார்க் 686. பொதுப் பிரிவில் தகுதி மதிப்பெண் 162-லிருந்து 144-க்கு இறங்கியது. 2024-இன் 418-உம் 2025-இன் 418-உம் ஒன்றல்ல. மார்க்கை ஓரமாக வைத்துவிட்டு, மாநில ரேங்கை எடுங்கள். உங்கள் வகுப்புப் பிரிவில் சென்ற ஆண்டு கடைசியாக அரசு இடம் வாங்கியவரின் ரேங்க் என்ன என்பது மருத்துவத் தேர்வுக் குழு வெளியிடும் ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருக்கும். பொது, பிசி, பிசி முஸ்லிம், எம்பிசி, எஸ்சி, எஸ்சி அருந்ததியர், எஸ்டி என்று ஏழு வரிசைகள் இருப்பதால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கட்-ஆஃப் உங்களுக்குப் பொருந்தாது.

இடைவெளி தெரிந்துவிட்டது. அதை ஒரு வருஷத்தில் நிரப்ப முடியுமா? அதற்கு உங்கள் ஓஎம்ஆர் தாளின் நகலையும் விடைக்குறிப்பையும் பதிவிறக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்காருங்கள். 418 வாங்கிய ஒரு மாணவியோடு நான் அப்படி உட்கார்ந்தேன். மொத்தம் 180 கேள்வியில் 115 சரி, 42 தப்பு, 23 விட்டவை. 115-ஐ நாலால் பெருக்கினால் 460, அதில் 42 போக 418. பாடவாரியாகப் பார்த்தால் உயிரியலில் 269, வேதியியலில் 95, இயற்பியலில் வெறும் 54. விட்ட 23-இல் 14 இயற்பியல்.

பிறகு தப்பான 42-ஐ ஒவ்வொன்றாக எடுத்து, “இது எதனால் தப்பு?” என்று அவளையே கேட்டேன். விடை தெரிந்தும் பிழைவிட்டவை 18. கூட்டல் பிழை, “தவறானது எது” என்பதைச் “சரியானது எது” என்று படித்தது, பக்கத்து வட்டத்தில் மை வைத்தது, இப்படி. தெரியாமல் குருட்டாம்போக்கில் போட்டவை 24. தெரிந்து தப்பியது ஒவ்வொன்றும் ஐந்து மார்க், ஏனென்றால் நாலு வராமல் போவதோடு ஒன்று கழியவும் செய்கிறது. 18 பிழைகளுக்கு 90 மார்க். குருட்டாம்போக்கை விட்டிருந்தாலே 24. இரண்டும் சேர்ந்தால் 532. இது புதிதாக ஒரு பாடமும் படிக்காமலே கிடைக்கும் மேல் எல்லை. நிஜத்தில் பிழைகளில் பாதி குறைந்தாலே பெரிது, ஆகவே அதிலிருந்து ஒரு 55, 60 என்று வைத்துக்கொண்டோம்.

விட்ட அந்த 14 இயற்பியல் கேள்விகள்தான் முடிவைத் தீர்மானித்தன. சுழற்சி இயக்கமும் மின்காந்தத் தூண்டலும் பள்ளியில் அவசரமாக ஓடிப்போனவை, கோச்சிங்கில் அவள் காய்ச்சலில் படுத்திருந்த மாதத்தில் நடந்தவை. அதாவது அவள் படிக்கவே இல்லை. படிக்காத பாடத்தை ஒரு வருஷம் நிச்சயம் சரிசெய்யும். அவளை டிராப் எடுக்கச் சொன்னேன்.

அதே 418-உடன் இன்னொருவன் வந்தான். பாடத்திட்டம் முழுவதையும் இரண்டு முறை முடித்தவன். கடைசி மூன்று மாத மாக் டெஸ்ட்கள் எல்லாமே 400-க்கும் 430-க்கும் இடையில். அவன் விட்டவை எல்லாப் பாடத்திலும் சிதறிக் கிடந்தன. அதே கோச்சிங்கில், அதே முறையில் இன்னொரு வருஷம் போட்டால் அதே கோட்டில்தான் நிற்பான் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவும் செய்தேன். அவன் அம்மாவுக்கு என்மேல் வருத்தம்தான். நீங்கள் கேட்ட ஒற்றைப் பதில் இந்த இரண்டு பிள்ளைகளில் நீங்கள் யார் என்பதில் இருக்கிறது.

“சும்மா இருக்க வேண்டாம், ஏதாவது டிகிரியில் சேர்ந்துக்கிட்டே படிக்கலாமா?”

விதிப்படி தடையில்லை. பி.எஸ்சி. படித்துக்கொண்டே நீட் எழுதலாம், என்ஐடியில் முதலாமாண்டு படித்துக்கொண்டே அடுத்த மெயினும் எழுதலாம். ஆனால் 75 சதவீத வருகைப்பதிவும் செமஸ்டர் தேர்வும் ஒரு பக்கம் இழுக்கும். நவம்பரில் செமஸ்டர், ஏப்ரலில் செமஸ்டர், மே மாதம் நீட் என்று மோதிக்கொள்ளும். இரண்டையும் சமாளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அவர்கள் முதல் முறையே இலக்குக்கு மிக அருகில் நின்றவர்கள்.

சேர்வதானால் அசல் டிசியும் மார்க் ஷீட்டும் எங்கே இருக்கும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே சொல்லியிருக்கிறது. இருந்தும், சென்ற ஆண்டு ஒரு தனியார் கல்லூரி, மீதிக் கட்டணம் முழுவதையும் கட்டினால்தான் டிசி என்று என் மாணவன் ஒருவனை மூன்று நாள் அலைக்கழித்தது. கலந்தாய்வில் சேரக் கொடுக்கும் அவகாசமே சில நாட்கள்தான்.

“பிடிஎஸ் கிடைச்சிருக்கு. எடுத்து வெச்சுக்கிட்டு அடுத்த வருஷம் எம்பிபிஎஸ்ஸுக்கு முயற்சி பண்ணலாமா?”

இங்கேதான் கையிலிருக்கும் சீட்டே காலைப் பிடிக்கும். சுற்றுக்குச் சுற்று விதி மாறும். அகில இந்திய ஒதுக்கீட்டில் முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராமல் விட்டால் நஷ்டமில்லை. இரண்டாம் சுற்றில் விட்டால் வைப்புத்தொகை போகும். கடைசியில் வரும் ஸ்ட்ரே சுற்றில் இடம் ஒதுக்கப்பட்டும் சேராவிட்டால் வைப்புத்தொகையும் போய், அடுத்த ஆண்டு நீட் எழுதவும் தடை விழும். “சும்மா போட்டுப் பார்ப்போம்” என்று ஸ்ட்ரே சுற்றில் விருப்பப்பட்டியல் கொடுத்துவிட்டு, வந்த இடம் பிடிக்காமல் டிராப் எடுக்க நினைப்பவருக்கு டிராப் வருஷமே பறிபோகும். டிராப் என்று மனதில் முடிவாகிவிட்டால் அந்தச் சுற்றுப் பக்கம் தலைவைக்காதீர்கள்.

சேர்ந்து ஒரு வருஷம் படித்துவிட்டு விலகுவதானால் மாநிலக் கையேட்டில் இடைநிற்றல் கட்டணம் பற்றிய பகுதியைச் சேரும் முன்பே வாசியுங்கள். கையெழுத்துப் போடும் பத்திரத்திலும் அது இருக்கும்.

ஐஐடி விஷயமும் இதே மாதிரிதான். 2025 அட்வான்ஸ்டு விதிப்படி, முன்பு ஐஐடியில் ஏதாவது ஒரு படிப்பில் சேர்ந்தவர் மறுபடி எழுத முடியாது. முந்தைய ஆண்டு கலந்தாய்வில் இடத்தை ஏற்றுப் பணம் கட்டியிருந்தாலும், கடைசிச் சுற்றுக்கு முன்பே முறையாக விலகியவருக்குத் தடையில்லை. பிடிக்காத பாடப்பிரிவு கிடைத்து, டிராப் எடுப்பதா வேண்டாமா என்று குழம்புபவர்கள் விலகும் கடைசித் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

“கவுன்சலிங் முழுசா முடியட்டும், அப்புறம் முடிவு பண்ணலாம்னு வீட்டில் சொல்றாங்க.”

2025-இல் நீட் முடிவு ஜூன் நடுவில் வந்தது. கலந்தாய்வு அக்டோபர் வரை இழுக்கும். அதுவரை காத்திருந்தால் டிராப் வருஷத்தில் பாதி போய்விடும். மே முதல் வாரத்தில் அடுத்த தேர்வு என்றால் கையில் ஆறேழு மாதம்தான். ரேங்க் வந்த வாரத்திலேயே சென்ற ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டு முடிவெடுத்து, ஜூலையிலேயே படிக்க உட்காருங்கள். கலந்தாய்வு பக்கத்தில் நடந்துகொண்டிருக்கட்டும். ஜேஇஇக்கு அவசரம் இன்னும் அதிகம், ஜனவரியிலேயே முதல் அமர்வு வந்துவிடும்.

“வயது உண்மையாவே குறுக்கே வர்ற இடம் எதுவுமே இல்லையா?”

இருக்கிறது. ராணுவப் பக்கம் போக நினைப்பவர்களுக்குத்தான் அது வலிக்கும். தேசிய பாதுகாப்பு அகாடமியான என்டிஏவுக்கு ஏறத்தாழ பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதுதான். 2025 முதல் தேர்வுக்கு 2006 ஜூலை 2-க்கும் 2009 ஜூலை 1-க்கும் இடையில் பிறந்தவர்களே எழுத முடிந்தது. பதினெட்டில் பிளஸ் டூ முடித்தவர் இரண்டு வருஷம் நீட்டுக்கு உட்கார்ந்துவிட்டு என்டிஏ பக்கம் திரும்பினால் கதவு சாத்தியிருக்கும். புனே ராணுவ மருத்துவக் கல்லூரி நீட் மூலம்தான் எடுக்கிறது, ஆனால் சேரும் ஆண்டு டிசம்பர் 31 அன்று 24 வயதை எட்டியிருக்கக் கூடாது என்று தனி வரம்பு வைத்திருக்கிறது. அதோடு மூன்று அறிவியல் பாடங்களில் 60 சதவீதமும் கேட்கிறது.

பிட்ஸ் பிலானியின் நுழைவுத்தேர்வு வயதைக் கேட்பதில்லை, ஆனால் அந்த ஆண்டோ அதற்கு முந்தைய ஆண்டோ பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும். ஒரு டிராப்புக்கு இடமுண்டு, இரண்டுக்கு இல்லை.

“வேலைக்குப் போகும்போது இந்த இடைவெளியைக் கேட்பாங்களா?”

பொறியியலில் வளாகத் தேர்வுக்கு வரும் சில நிறுவனங்கள் படிப்பில் ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ மேல் இடைவெளி கூடாது என்று படிவத்தில் போடுவதுண்டு. ஒரு டிராப் அதற்குள் அடங்கிவிடும். எம்பிபிஎஸ்ஸில் இதைக் கேட்பாரில்லை.

“டிராப் வருஷத்தில் சான்றிதழ் ஏதாவது புதுசா வாங்கணுமா?”

மத்திய ஒதுக்கீட்டுக்கான ஓபிசி கிரீமிலேயர் அல்லாதோர் சான்றும், பொருளாதாரத்தில் பின்தங்கிய பொதுப் பிரிவினருக்கான சான்றும் போன வருஷத்தது செல்லாது. சேரும் ஆண்டின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் நிரந்தரச் சாதிச் சான்று அதற்குப் பதிலாகாது. இரண்டும் வேறு வேறு படிவங்கள், இதில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் தடுக்கி விழுகிறார். ஏப்ரல் முதல் வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

சில தனியார் கல்லூரிகளும் வெளி மாநிலங்களும் இடைவெளிக்கு முத்திரைத் தாளில் உறுதிமொழிப் பத்திரம் கேட்கும். பிளஸ் டூ முடித்த தேதியிலிருந்து இன்றுவரை வேறு எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை, நுழைவுத்தேர்வுக்குப் படித்தேன் என்று எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் போதும். அரை நாள் வேலை. வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்டு விலகியவர்கள் இதில் “சேரவில்லை” என்று எழுதக் கூடாது, அந்தக் கல்லூரியின் டிசியைத்தான் வைக்க வேண்டும்.